டோக்கன் முன்பணச் செய்தி: திருத்தி எழுதுதல்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் மனையோ வீடோ விலை பேசி முடிந்ததும், வாங்குபவர் சிறு தொகை ஒன்றை விற்பவரிடம் தருவது வழக்கம். மக்கள் அதனை ‘டோக்கன்’ என்பர். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யப்படும்வரை, அத்தொகைக்குச் சான்றாகப் பெரும்பாலும் அலைபேசிச் செய்தி ஒன்றே இருக்கும். ஆவடியை அடுத்த பட்டாபிராமில் மனை விற்பவர் ஒருவர் அனுப்பியதாகக் கொள்ளத்தக்க செய்தி வருமாறு:

“சார் வணக்கம், டோக்கன் 50 வந்துருச்சு. டோக்கன் போக 48க்கு முடிச்சுக்கலாம். ஒரு மாசத்துல அக்ரிமெண்ட். ஏதாவது பிரச்சினைன்னா அமௌண்ட் ரிட்டன் பண்ணப்படும்.”

பேச்சுநடை இச்செய்தியின் குறையன்று. பொருள் மயக்கமே குறை. ‘டோக்கன் போக 48’ என்னும் தொடரை நோக்குக. 48 இலட்சம் முழு விலை. அதில் 50,000 ரூபாயைக் கழித்து 47,50,000 ரூபாய் தந்தால் போதும் என வாங்குபவர் கருதுவார். டோக்கன் நீங்கலாக இன்னும் 48 இலட்சம் வரவேண்டும், ஆகவே முழு விலை 48,50,000 ரூபாய் என விற்பவர் சொல்லலாம். ‘போக’ என்னும் சொல் இரு பொருளுக்கும் இடந்தருகிறது. முழு விலை, பெற்ற தொகை, எஞ்சிய தொகை ஆகிய மூன்றையும் எழுதிவிட்டால் மயக்கம் நீங்கும்.

‘ரிட்டன் பண்ணப்படும்’ என்பது செயப்பாட்டு வினை. தருபவர் யார், எத்தனை நாளில் தருவார் என்பவை அதில் மறைந்துவிடுகின்றன. ‘ஏதாவது பிரச்சினை’ என்பதும் அத்தகையதே. பத்திரத்தில் குறை இருப்பது விற்பவர் பக்கச் சிக்கல். வாங்குபவர் மனம் மாறுவது வேறு. வங்கிக் கடன் கிடைக்காமற் போவது இருவர் கையிலும் இல்லாதது. இந்த மூன்றாவதிலும் பூசல்கள் எழலாம். அதனைத் தனியே குறிப்பிடாத செய்தி அரைகுறையே.

தொகைக்கு இடும் பெயரும் கருதத்தக்கது. அச்சாரம் என்பது பேச்சை உறுதிசெய்யத் தரும் பிணை. வாங்குபவர் தவறினால் இழக்க நேரிடும். முன்பணம் என்பது விலையின் ஒரு பகுதியை முன்னரே தருவது. இவ்வேறுபாடு நீதிமன்றத்திலும் எடுத்தாளப்பட்டுள்ளது. ஃபதே சந்த் – பால்கிஷண் தாஸ் வழக்கில், 1949ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி வாங்குபவர் அச்சாரமாக 1,000 ரூபாயும் பின்னர் 24,000 ரூபாயும் தந்திருந்தார். அவர் தவறினால் இரண்டையும் இழப்பார் என்று ஒப்பந்தம் கூறியது. ஆயினும் 1963இல் உச்சநீதிமன்றம், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவை ஆராய்ந்து, 1,000 ரூபாயை மட்டுமே அச்சாரமாக விற்பவர் இருத்திக்கொள்ளலாம் என்றது.

இனி, இருவரும் பேசித் தெளிந்தபின் எழுதிய மறுவரைவைக் காண்க:

“வணக்கம். பட்டாபிராமில் உள்ள 1,200 சதுர அடி மனைக்கு (மனை எண் 14) முன்பணமாக ரூ.50,000 (ரூபாய் ஐம்பதாயிரம்) தங்களிடமிருந்து 12.06.2024 அன்று வங்கிப் பரிமாற்றத்தின்வழி பெற்றுக்கொண்டேன். மனையின் முழு விலை ரூ.48,00,000. முன்பணம் இவ்விலையில் அடங்கும். எஞ்சிய தொகை ரூ.47,50,000. விற்பனை ஒப்பந்தத்தை 12.07.2024க்குள் எழுதிப் பதிவு செய்வோம். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றில் குறை காணப்பட்டாலோ, நான் விற்க மறுத்தாலோ, தங்கள் வங்கிக் கடன் விண்ணப்பம் ஏற்கப்படாவிட்டாலோ, தாங்கள் தெரிவித்த நாளிலிருந்து 7 நாள்களுக்குள் முழு முன்பணத்தையும் தங்கள் வங்கிக் கணக்கிற்குத் திருப்பித் தருவேன். இக்காரணங்கள் இன்றித் தாங்கள் விலகினால் ரூ.10,000 கழித்து ரூ.40,000 தருவேன். உடன்பாடு எனில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என மறுமொழி அனுப்புக.”

பத்தாயிரம் மட்டுமே கழிக்க இசைந்தமையால் ‘அச்சாரம்’ தவிர்க்கப்பட்டு ‘முன்பணம்’ ஆளப்பட்டது. ‘தருவேன்’ என்னும் தன்மை வினை பொறுப்பாளரைக் காட்டுகிறது. ‘ஒரு மாதத்தில்’ என்பது நாளாக மாறியது. இறுதித் தொடரையும் விட்டுவிடலாகாது. மறுமொழி இன்றேல் வாங்குபவர் கழிவுக்கு இசைந்தார் என்று காட்டுவது அரிது. வங்கிப் பரிமாற்றம் என்பதற்கும் காரணம் உண்டு: அசையாச் சொத்தின் முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. இத்தனை இருந்தும் இச்செய்தி விற்பனை ஒப்பந்தம் ஆகிவிடாது. தமிழ்நாட்டில் அவ்வொப்பந்தம் பதிவு செய்யப்பட வேண்டியது.

பயிற்சி

பூந்தமல்லி வீடு ஒன்றிற்காகத் தரகர் அனுப்பிய பின்வரும் செய்தியில், பணத்தைப் பெற்றவர் யார் என்பது தெளிவாக உள்ளதா? ஆராய்ந்து திருத்தி எழுதுக.

“ஓனருக்கு டோக்கன் 1 லட்சம் சேர்ந்தாச்சு. ஃபைனல்ல கழியும். லோன் ஆகலன்னா பேசிக்கலாம்.”