தறிச் சத்தத்தில் அபாய மணி கேட்குமா? ஒலிப் பாடத்துக்கு ஒரு கணக்கு

பொதட்டூர்பேட்டை மாணவர்களுக்கு டெசிபலை விளக்க வெளியில் போய்த் தேட வேண்டாம். விசைத்தறிக் கூடத்துக்குள் ஒலி அளவு 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். "அங்கே தீப்பிடித்தால் அபாய மணி கேட்குமா?" என்ற கேள்வியிலிருந்தே ஒன்பதாம் வகுப்பு ஒலிப் பாடத்தைத் தொடங்கலாம்.

தீ எச்சரிக்கை அமைப்புகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2189. மணியோசை குறைந்தது 65 டெசிபல் இருக்க வேண்டும், அல்லது அரை நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் பிற சத்தத்தை விட 5 டெசிபல் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது அது. இரண்டில் எது அதிகமோ அதுவே அளவு. உறங்குவோரை எழுப்ப, தலைமாட்டில் 75 டெசிபல் தேவை. ஆக, அளக்க வேண்டிய இடம் ஹூட்டர் அருகே அல்ல, காது இருக்கும் இடத்தில்.

இனி கணக்கு. ஒரு மீட்டர் தொலைவில் 100 டெசிபல் தரும் ஹூட்டரை எடுத்துக்கொள்வோம். திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். இரண்டு மீட்டரில் 94, நான்கு மீட்டரில் 88. அந்த இடத்தில் வகுப்பறையின் மூடிய மரக்கதவு இருந்தால் இன்னும் சுமார் 20 போய்விடும். மீதி 68. கடைசி பெஞ்சுக்குப் போவதற்குள் 65-க்கும் கீழே இறங்கிவிடலாம். சுவர்கள் ஒலியைத் திருப்புவதால் உண்மை அளவு சற்று மாறும். பிள்ளைகள் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லும் வகுப்பில் 70 டெசிபல் இருந்தால் தேவை 75. அங்கே மணி தோற்றுவிடும். பள்ளி விட்ட பிறகு காலிக் கட்டடத்தில் சோதித்து "நன்றாகக் கேட்கிறது" என்று எழுதி வைப்பதில் பயனில்லை என்பது இதனால்தான். கதவை மூடி, மின்விசிறி ஓட, வகுப்பு நடக்கும்போது சோதிக்க வேண்டும். கைப்பேசிச் செயலி தோராயமாகத்தான் காட்டும். ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

தறிக்கூடத்தில் 95 டெசிபல் என்றால் மணி 100 இருக்க வேண்டும். நான்கு மீட்டரில் கிடைப்பது 88 தான். ஒரே ஹூட்டரின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அருகில் நிற்பவர் காது கெடும். அதற்குப் பதில் பல ஹூட்டர்களைப் பரவலாக வைத்து, மின்னும் விளக்குகளையும் சேர்க்கிறார்கள். மணி அடித்ததும் தறிகளின் மின்சாரம் தானே நிற்கும்படியும் இணைக்கலாம். சத்தம் அடங்கினால் அதே மணி கேட்கும். தறி நின்றதே ஓர் எச்சரிக்கைதான்.

மணியை எழுப்பும் சிவப்புப் பெட்டி, அதாவது கண்ணாடியை உடைத்தோ அழுத்தியோ இயக்கும் 'கால் பாயின்ட்', தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். எங்கே வைப்பது என்று மாணவர்களிடம் கேட்டால் பலர் தலைமையாசிரியர் அறை என்பார்கள். சரியான இடம் வெளியேறும் வாசலும் மாடிப்படி முகப்பும். தீயைக் கண்டவர் வெளியே ஓடும் வழியிலேயே அதை அழுத்த வேண்டும். அதற்காக உள்ளே திரும்பக் கூடாது. பெட்டி முன் பீரோ வைக்கப்படுவதுதான் நடைமுறையில் காணும் கோளாறு. வாரம் ஒரு பெட்டி வீதம் சோதனைச் சாவியால் இயக்கிப் பார்த்தால், மறைந்து போனதும் இணைப்பு அறுந்ததும் தெரிந்துவிடும்.