வாசலில் தொடங்கு: பெரிய கோயிலைச் சுற்றிக்காட்டப் போகும் தம்பிக்கு

தம்பி, தஞ்சைப் பெரிய கோயிலில் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டியாக நிற்கப் போகிறேன் என்று சொல்கிறாய். மொழி பேசத் தெரியும், ஆண்டுகளும் அரசர் பெயர்களும் மனப்பாடம் என்கிறாய். நல்லது. ஆனால் தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றை வாழ்நாளில் முதல்முறையாகப் பார்க்கும் ஒருவர் உன் சொல்லை நம்பி வெறுங்காலோடு நிற்பார். அவருக்கு எதை எங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்பதை இத்தனை காலம் இந்த முற்றத்தில் நின்று கற்றேன். அதை உனக்குத் தருகிறேன்.

1. கோயில் எந்த வரிசையில் உள்ளே கூட்டிப்போகிறதோ, அந்த வரிசையிலேயே நீயும் சொல்லிக்கொண்டு போ. முதல் வாசலிலேயே கோபுரம், மண்டபம், கருவறை, சோழர், நாயக்கர், மராத்தியர் எல்லாவற்றையும் கொட்டிவிடும் வழிகாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். உள்ளே போகும்போது அவர்களிடம் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது, கேட்டவர்கள் மனத்திலும் ஒன்றும் நிற்காது. கேரளாந்தகன் திருவாயிலில் வாயிலைப் பற்றி மட்டும் பேசு. சேரரை வென்றதால் ராஜராஜன் பெற்ற பட்டப்பெயர் அது. அடுத்து வருவது அவன் பெயரிலேயே அமைந்த ராஜராஜன் திருவாயில். இரண்டையும் கடந்து முற்றத்துக்கு வந்ததும் வாயைத் திறக்காதே. விமானம் முழுதாகக் கண்ணில் படட்டும். அவர்களே உன் பக்கம் திரும்பும்போது பேசத் தொடங்கு. பொறுத்துச் சொன்ன ஒரு சொல், முந்திச் சொன்ன பத்துக்குச் சமம்.

2. கோபுரம் எது, விமானம் எது என்பதை முதலில் தெளிவாக்கிவிடு. வாயிலின் மேல் நிற்பது கோபுரம், கருவறையின் மேல் நிற்பது விமானம். முதல் நாள் மதுரையைப் பார்த்துவிட்டு மறுநாள் தஞ்சைக்கு வருபவர் குழம்பத்தான் செய்வார். மதுரையில் வானைத் தொடுவது தெற்குக் கோபுரம், சுமார் 170 அடி. மீனாட்சியும் சுந்தரேசுவரரும் இருக்கும் கருவறைகளின் விமானங்கள் அந்த உயரத்துக்கு முன் சிறியவை. தஞ்சையில் இது தலைகீழ். வாயில்கள் அடங்கி நிற்கின்றன, 13 நிலை கொண்ட விமானம் சுமார் 216 அடி எழுகிறது. ஏன் என்று கேட்பார்கள், காரணத்தைச் சொல். பின்வந்த அரசர்கள் பழைய கருவறையில் கை வைக்கத் தயங்கினார்கள். அதைச் சுற்றி வெளியே வெளியே மதில் எழுப்பினார்கள், ஒவ்வொரு மதிலுக்கும் முன்னதைவிடப் பெரிய வாயில் வைத்தார்கள். அதனால்தான் பிற்காலக் கோயில்களில் உள்ளே போகப் போக உயரம் குறைகிறது. திருவரங்கத்தின் 236 அடி ராஜகோபுரம் நிறைவடைந்தது 1987இல் என்றால் அந்த வழக்கம் எவ்வளவு காலம் தொடர்ந்தது என்று அவர்களுக்கே விளங்கும். கட்டும் பொருளையும் காட்டு. கோபுரத்தின் அடிப்பகுதி கல், மேல்நிலைகள் செங்கலும் சுதையும். தஞ்சை விமானமோ அடி முதல் முடி வரை கருங்கல்.

3. நூறு சிற்பத்தைக் கைகாட்டாதே, ஒன்றின் முன் நிறுத்து. வாயில் காக்கும் துவாரபாலகர் போதும். அவர் காலடியில் ஒரு பாம்பு கிடக்கும், அதன் வாயில் பாதி விழுங்கப்பட்ட ஒரு யானை இருக்கும். முதலில் யானையை மட்டும் காட்டு. யானை எவ்வளவு பெரியது என்று எல்லோருக்கும் தெரியும். அதை விழுங்கும் பாம்பு எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? அந்தப் பாம்பு கால்மாட்டில் கிடக்க நிற்கும் காவலர்? அந்தக் காவலர் வெறும் வாயிற்காப்போன் என்றால் உள்ளே இருப்பவர்? இந்தக் கேள்விகளை நீ கேள், பதிலை அவர்கள் சொல்லட்டும். பிறகு அவர் கைகளைப் பார்க்கச் சொல். ஒரு கை எச்சரிக்கிறது, ஒரு கை வியக்கிறது, ஒரு கை உள்ளே சுட்டுகிறது. ஒருமுறை ஒரு சிறுமி யானையைக் கண்டுபிடித்துவிட்டுத் தன் தாத்தாவை இழுத்து வந்து நான் சொன்னதையெல்லாம் அவளே சொல்லிக் காட்டினாள். அன்று என் வேலை சரியாக நடந்தது என்று அறிந்தேன்.

4. மண்டபத்தில் தூண்களை எண்ணிக் காட்டுவதைவிட, ஏன் இத்தனை தூண் என்று சொல். கல் எவ்வளவு பாரத்தையும் தலையில் தாங்கும். ஆனால் இரண்டு தூண்களுக்கு நடுவே உத்தரமாகக் கிடத்தினால் அதன் அடிப்பக்கம் இழுபடும். இழுவையைக் கல் தாங்காது, நீளம் கூடினால் நடுவில் விரிசல் விழும். அதனால்தான் தூண்களை நெருக்கி நட்டார்கள். மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் நிற்பதற்கு அழகும் பெருமையும் காரணம் என்றால், இந்தக் கல்லின் குணமும் காரணம். தூணின் தலையில் இருபுறமும் கை நீட்டியது போல் இருக்கும் போதிகையைக் காட்டு. உத்தரம் தாண்ட வேண்டிய இடைவெளியை அது குறைக்கிறது. காலத்தையும் அதுவே சொல்லிவிடும்: சோழர் போதிகை எளிமையானது, நாயக்கர் காலத்ததில் நுனியில் தாமரை மொட்டு தொங்கும். எந்தக் கோயிலிலும் தூணைத் தட்டி ஓசை காட்டி வியக்க வைக்காதே. ஆயிரம் பேர் தட்டினால் கல்லும் தேயும்.

5. கருவறையைப் பற்றிச் சொல்ல வேண்டியதை வெளியிலேயே சொல்லி முடித்துவிடு. சன்னலில்லாத சதுர அறை அது. இங்கே இரட்டைச் சுவர், நடுவே சுற்றி வரும் வழி. அறைக்கு மேலே விமானம் உள்ளீடின்றி எழுகிறது. ஒவ்வொரு கல்வரிசையும் கீழ்வரிசையைவிடச் சற்று உள்ளே தள்ளி அடுக்கப்பட்டு உச்சியில் குவிகிறது. சுற்றுவழியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் கண்டறிந்தார்கள், அவற்றின்மேல் நாயக்கர் கால ஓவியங்கள் பூசப்பட்டிருந்தன. மேல்தளத்தில் நடனக் கரணங்கள் 81 செதுக்கப்பட்டிருக்கின்றன, 108க்கு விட்ட மிச்ச இடம் வெறுமையாகவே நிற்கிறது. இவை வழக்கமாகப் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடு. உள்ளே ஒருவர் கண்மூடிக் கும்பிடும்போது அவர் காதருகே நீ அடிக்கணக்குப் பேசிக்கொண்டிருந்தால், அவருக்கும் நல்லதில்லை, உன்னோடு வந்தவருக்கும் நல்லதில்லை. எங்கே படம் எடுக்கலாம், எதுவரை போகலாம் என்பதைச் செருப்பு விடும் இடத்திலேயே சொல். சன்னதியில் அர்ச்சகர் தடுக்கும்போது தெரிந்துகொண்டால் விருந்தாளிக்குத் தலைகுனிவு.

6. கதை சொன்னால் கதை என்று சொல்லிச் சொல். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வோம். ஒரு வழிகாட்டி மாலை நாலு மணிக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த பெண்மணி வெயிலுக்காக ஒதுங்கி நின்றது அந்த நிழலில்தான். அவர் சிரிக்கவில்லை, ஆனால் அதன்பிறகு அந்த வழிகாட்டி சொன்ன எதையும் குறிப்பேட்டில் எழுதவில்லை. உண்மை அந்தக் கதையைவிடச் சுவையானது. விமானத்தின் அடி சுமார் 100 அடி சதுரம், மேலே குறுகிக்கொண்டே போகிறது. கோடை மாதங்களில் உச்சிவெயில் ஏறத்தாழத் தலைக்கு நேராக வருவதால் சிகரத்தின் நிழல் விமானத்தின் மேலேயே விழுந்து அடங்கிவிடும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது நண்பகலிலும் வடபுறத் தரையில் நீளமாக விழும். இதைக் கணக்கோடு சொன்னால் அண்ணாந்து பார்த்து வியப்பார்கள். உச்சியில் 80 டன் ஒரே கல் என்பதும் அப்படியொரு கதைதான். சிகரம் பல கற்களை இணைத்து அமைத்தது என்பதே ஆராய்ந்தவர்கள் சொல்வது. அவ்வளவு கற்களைச் சாந்து பூசாமல் அந்த உயரத்தில் பொருத்தியது குறைந்த வியப்பா என்ன?

7. ஒரே ராஜா, ஒரே மூச்சில் கட்டினான் என்று சொல்லாதே. 1010இல் ராஜராஜன் பொற்பூச்சுடைய கலசத்தைத் தந்தது விமானத்துக்குத்தான். அம்மன் சன்னதி பாண்டியர் காலம், 13ஆம் நூற்றாண்டு. பெரிய நந்தியும் அதன் மண்டபமும் சுப்பிரமணியர் சன்னதியும் நாயக்கர் காலம். நந்தியின் முன் நிற்கும்போதே இதைச் சொல்லிவிடு, இல்லையென்றால் சோழர் நந்தி என்றே எழுதிக்கொண்டு போவார்கள். வெளியே வந்து விமானத்தின் அதிட்டானத்தைச் சுற்றும்போது எழுத்துகளைக் காட்டு. தானும் தன் அக்காவும் தன் பெண்டுகளும் பிறரும் கொடுத்ததையெல்லாம் கல்லிலே வெட்டச் சொல்லியிருக்கிறான் அரசன். தலைமைத் தச்சர் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயரும் கல்லில் இருக்கிறது. 1886இல் ஹுல்ஷ் இந்தக் கல்வெட்டுகளைப் படிக்கும்வரை வேறு அரசன் கட்டியதாகக் கதை வழங்கியது. கதை வாய்க்கு வாய் மாறும், வெட்டிய எழுத்து மாறாது. உனக்குச் சந்தேகம் வந்தால் கல்லிடம் திரும்பு.

8. கேள்விக்கு இடம் விட்டு, பதில் தெரியாதபோது தெரியாது என்று சொல். எங்களுக்குத் தொழில் சொல்லித் தந்த பெரியவர் தெரியாத கேள்வியைக் குறித்துக்கொண்டு போய், படித்தவர்களிடம் விசாரித்து, மறுநாள் கேட்டவர்கள் தங்கியிருந்த விடுதிக்கே சென்று பதில் சொல்லிவிட்டு வருவார். உடலையும் கவனி. நண்பகலில் முற்றத்துக் கல் கொதிக்கும், நடையும் சாத்தியிருக்கும். முதியவர்களைத் திருச்சுற்று மாளிகையின் நிழலில் உட்கார வைத்து அங்கிருந்தே காட்டு. கடைசியில் அவர்கள் தனியாகச் சுற்றிப் பார்க்கக் கொஞ்ச நேரம் விட்டுவிடு. அந்த நேரத்தை மிச்சம் பிடித்துத் தரகுக்காகக் கடைக்கு அழைத்துப் போகாதே. திரும்பி வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேள்: நாளைக்கு வேறொரு கோயிலுக்குப் போனால் எது கோபுரம், எது விமானம், போதிகை எங்கே என்று நான் இல்லாமல் கண்டுபிடிப்பீர்களா? ஆம் என்றால் நீ வாங்கும் கூலி நியாயமானது. இல்லை என்றால் அடுத்த குழுவுக்கு இன்னும் குறைவாகச் சொல், இன்னும் நேரம் கொடுத்துக் காட்டு.