மூவாயிரம் குஞ்சுக்குக் கையில் எவ்வளவு வேண்டும்?

ஆனைக்குட்டம் பக்கம் கறிக்கோழி ஷெட் போட நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ஷெட்டுக்கு எவ்வளவு ஆகும் என்பதைத்தான். அது ஒருமுறைச் செலவு, கடன் வாங்கியாவது சமாளித்துவிடலாம். குஞ்சு இறக்கின நாளிலிருந்து வியாபாரி கையில் பணம் தருகிற நாள் வரைக்கும் எவ்வளவு ரொக்கம் தேவை என்று கேட்கிறவர் அபூர்வம். பண்ணை தடுமாறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

மூவாயிரம் குஞ்சை வைத்தே கணக்குப் போடுவோம். விலைகள் மாதத்துக்கு மாதம் மாறும். நான் போடுவது ஒரு மாதிரிக் கணக்கு. குஞ்சு 40 ரூபாய் என்றால் 1,20,000. நூற்றுக்கு ஐந்து செத்துப்போகும் என்று எடுத்துக்கொண்டால், 2,850 கோழி லாரி ஏறும். சராசரி எடை இரண்டு கிலோ, ஆக 5,700 கிலோ. ஒரு கிலோ எடைக்கு 1.65 கிலோ தீவனம் என்பது நம் ஊர் வெயிலில் நல்ல கணக்கு. அப்படியென்றால் சுமார் 9,400 கிலோ, ஐம்பது கிலோ மூட்டையில் 188 மூட்டை. கிலோ 40 ரூபாய்க்கு 3,76,000. மருந்து, தடுப்பூசி, தரையில் பரப்பும் உமி, கரி, கரண்ட், ஆள் சம்பளம் எல்லாம் சேர்த்து 48,000. மொத்தம் 5,44,000. கிலோவுக்குப் பிரித்தால் ஏறக்குறைய 95 ரூபாய் 50 காசு வரும்.

இந்த எண்ணை ஷெட் சுவரில் எழுதி வையுங்கள். பல்லடம் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிற பண்ணைக் கொள்முதல் விலையிலிருந்து வியாபாரி சில ரூபாய் குறைத்துத்தான் எடுப்பார். கைக்கு 105 கிடைத்தால் 54,000 மிச்சம். 85-க்குப் போனால் 60,000 நட்டம். ஒரு ரூபாய் ஏறி இறங்கினாலே 5,700 ரூபாய் ஆடும்.

இதில் பலர் கவனிக்காதது, பணம் எப்போது போகிறது என்பது. முதல் வாரம் ஒரு குஞ்சு 160 கிராம் அளவுதான் தின்னும். இருபத்தொரு நாள் முடியும்போதுகூட ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். மீதி இரண்டு கிலோவுக்கு மேல் கடைசி இரண்டரை வாரத்தில் உள்ளே போகிறது. தீவனச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு, ஏறக்குறைய இரண்டரை லட்சம், அந்தப் பதினெட்டு நாளில் கேட்கும். மூன்று வாரம் வரை எல்லாம் சுலபமாகத் தெரிவதால் கையிலிருந்த பணத்தை வேறு வேலைக்கு எடுத்துவிடுவார்கள். பிறகு தீவனக் கடையில் கடன் சொல்ல வேண்டியதுதான். கடனுக்கு வாங்கினால் மூட்டை விலை ஏறும். அந்தக் கடைக்காரர் சொல்கிற வியாபாரிக்கே கோழியைக் கொடுக்க வேண்டியும் வரலாம்.

தீவன விலையே நிலையில்லாதது. அதில் பெரும்பங்கு மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். நம் மாவட்டத்துக் கரிசலில் மக்காச்சோளம் விளைகிறதே என்று ஆறுதல்பட முடியாது. சோயா வெளியிலிருந்து வர வேண்டும். 2021-இல் சோயாப் புண்ணாக்கு ஏறின ஏற்றத்தில் மத்திய அரசு 12 லட்சம் டன் இறக்குமதிக்கு அனுமதி கொடுக்க நேர்ந்தது. தீவனம் கிலோவுக்கு மூன்று ரூபாய் ஏறினால் நம் மூவாயிரம் குஞ்சுக் கணக்கில் 28,000 கூடும்.

சாவுக் கணக்கையும் சதவீதமாக மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். மூன்றாம் நாள் சாகிற குஞ்சோடு போவது நாற்பத்துச் சொச்சம் ரூபாய். முப்பத்தாறாம் நாள் சாகிற கோழி, தன் விலையோடு மூன்று கிலோ தீவனத்தையும் கொண்டு போகிறது. மற்றச் செலவில் அதன் பங்கையும் சேர்த்தால் 170 ரூபாய்க்கு மேல். நூற்றைம்பது முதல் வாரத்தில் போனால் ஏழாயிரத்துக்குள் முடியும், கடைசி வாரத்தில் போனால் இருபத்தையாயிரத்தைத் தாண்டும். அதனால் நோட்டில் தேதி வாரியாக எழுத வேண்டும். முதல் வாரத்தில் முப்பதுக்கு மேல் போனால் குஞ்சின் தரத்தையோ சூட்டையோ சந்தேகப்படலாம். ராத்திரி போய்ப் பாருங்கள். குஞ்சுகள் அடுப்பருகே அப்பிக் கிடந்தால் சூடு பத்தவில்லை. விலகி ஓரம் போய் வாயைத் திறந்திருந்தால் சூடு அதிகம்.

கடைசி வாரச் சாவுக்கு நம் ஊரில் இரண்டு காரணம். ஒன்று சித்திரை, வைகாசி வெயில். பதினோரு மணியிலிருந்து நாலு மணி வரை தீவனத் தொட்டியைத் தூக்கிவிடுவோம். தின்ற கோழிக்கு உடம்புச் சூடு கூடும். மதியம் மல்லாந்து கிடப்பது கொழுத்த கோழிகள்தான். கோடைப் பேட்சுக்கு மூவாயிரம் சதுர அடியில் 2,500-க்கு மேல் இறக்குவதில்லை. சாவையும் நூற்றுக்கு எட்டு என்று போட்டுத்தான் கணக்குப் பார்ப்போம்.

இன்னொன்று சத்தம். பட்டாசு ஆலை சூழ்ந்த ஊரில் சோதனை வெடிக்கும், திருவிழா வெடிக்கும் பஞ்சமில்லை. திடீரென்று வெடித்தால், அதுவும் கரண்ட் போன இருட்டில், கோழிகள் மொத்தமாக ஒரு மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அடியில் மாட்டினது மூச்சுத் திணறிச் சாகும். உடம்பில் காயமே இருக்காது, எல்லாம் ஒரே இடத்தில் தட்டையாகக் கிடக்கும். நோயில்லை என்று அதிலேயே தெரிந்துகொள்ளலாம். நாங்கள் ஷெட்டைக் கம்பி வலையால் ஆறு அறையாகத் தடுத்திருக்கிறோம். ஓடினாலும் ஐந்நூறுக்கு மேல் ஒரு மூலையில் சேராது. மூலைகளைத் தகரத்தால் வளைத்து மூடி, ராத்திரிக்குப் பேட்டரியில் ஒரு மங்கல் விளக்கு விட்டிருக்கிறோம்.

சுற்றுக் கணக்குக்கு வருவோம். வளர்ப்பு நாற்பது நாள், லோடு ஏற்ற இரண்டு நாள், எருவை அள்ளிக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துக் காயப்போடப் பன்னிரண்டு நாள். வருஷத்துக்கு ஆறரைக்கு மேல் வரும், ஆறு என்றே திட்டமிடுங்கள். மிச்ச நாளைப் புரட்டாசிக்கு விட்டுவிடுங்கள். ஆடிக் கடைசியிலும் ஆவணியிலும் குஞ்சு மலிவாகக் கிடைக்கும், ஆசை வரும். அதில் இறக்குவது புரட்டாசியில்தான் விற்பனைக்கு வரும்; அப்போது பாதி ஊர் கறி தின்னாது. தீபாவளிக்கு வரும்படி இறக்குவது நல்லதுதான், ஆனால் எல்லாரும் அதையே செய்வதால் குஞ்சு விலை ஏறிவிடும். அப்போது 95.50 என்ற எண்ணைத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும்.

விலை சரிந்திருக்கும்போது நாலு நாள் வைத்திருந்து பார்ப்போம் என்று தோன்றும். நாற்பது நாள் கோழி ஒருநாளைக்கு 170 கிராம் தின்னும், ஆறு ரூபாய் 80 காசு. ஏறும் எடை 80 கிராம். 85 ரூபாய் விலையில் அதுவும் ஆறு ரூபாய் 80 காசுதான். மிச்சம் ஒன்றுமில்லை, சாகிறது தனி. ஷெட் முழுக்கச் சேர்த்தால் தினம் 19,000 ரூபாய்த் தீவனம் இறக்க வேண்டும். நாளைக்கே விலை ஏறும் என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய ஏற்றி அனுப்பிவிடுவதே மேல்.

ஆக, கையில் வேண்டியது: ஒரு பேட்சின் முழுச் செலவு 5,44,000. ஒரு நட்டப் பேட்சைத் தாங்க 60,000. வியாபாரி பணம் தர ஒரு வாரம் இழுத்தாலும், தூக்க இரண்டு நாள் தாமதித்தாலும் தாக்குப்பிடிக்க இன்னொரு 50,000. ஆறரை லட்சத்தைத் தனிக் கணக்கில் போட்டு, வீட்டுச் செலவுக்கு அதைத் தொடாமல் இருக்க வேண்டும். அது முடியாது என்றால் கம்பெனி ஒப்பந்தத்தில் வளர்ப்பது தப்பில்லை. குஞ்சு, தீவனம், மருந்து அவர்களுடையது; கூலி கிலோவுக்கு ஆறேழு ரூபாய் என்ற அளவில்தான் இருக்கும். நாலு லட்சம்தான் இருக்கிறது, ஆனால் சொந்தமாகத்தான் வளர்ப்பேன் என்றால், அதே ஷெட்டில் 1,800 குஞ்சு இறக்குங்கள். கூலியும் கரண்டும் தலைக்குக் கொஞ்சம் கூடும், ஆனால் முப்பதாம் நாள் தீவனக் கடையில் போய்க் கடன் சொல்ல வேண்டியிருக்காது.