இயந்திரம் கதை சொன்னால்...

கதை எழுதும் நண்பர்களுக்கு ஒரு சிறு பாடம்



நம் பாலிடெக்னிக்கில் கதை எழுதுகிறவர்கள் பலர் உண்டு. ரோபோ கதை என்றால் நமக்கெல்லாம் தனி ஆசை. ஆனால் எழுதி முடித்துப் படித்தால், அந்த ரோபோ ஒன்று தகர டப்பாவுக்குள் ஒளிந்திருக்கும் மனிதனாக இருக்கும், இல்லையென்றால் "பீப் பீப்" என்று நம்பர் ஒப்பிக்கும் பொம்மையாக இருக்கும். முதலாவது இயந்திரம் இல்லை. இரண்டாவது மனதைத் தொடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

தமிழில் இயந்திரம் என்றதும் நினைவுக்கு வருவது சுஜாதாவின் ஜீனோ. 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' நாவல்களில் வரும் அந்த இயந்திர நாயை யார் மறப்பார்கள்? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஜீனோ பேசுகிறது, கதையைச் சொல்வது ஜீனோ இல்லை, ஆசிரியர். நாம் ஜீனோவை வெளியிலிருந்து பார்க்கிறோம். இயந்திரமே "நான்" என்று கதை சொன்னால் வேலை கஷ்டமாகி விடும். ஏனென்றால் அதற்குத் தெரியாத எதையும் நாம் எழுத முடியாது.

2021-இல் கசுவோ இஷிகுரோ எழுதிய 'கிளாராவும் சூரியனும்' என்ற ஆங்கில நாவலில் கிளாரா என்ற இயந்திரப் பெண்தான் கதை சொல்கிறாள். அவள் சூரிய ஒளியில் ஓடுபவள். அதனால் சூரியன் எல்லோருக்கும் கருணை செய்வான் என்று நம்பி, நோயாளிச் சிறுமிக்காக அவனிடமே வேண்டப் போகிறாள். அவள் நம்புவது சரியில்லை என்று நமக்குத் தெரியும். ஆனால் ஒளியில் ஓடும் இயந்திரம் வேறு எப்படி நினைக்கும்? அவளுடைய பாசம் அவளுடைய பாட்டரியிலிருந்தே வருகிறது. அதனால்தான் அது மனிதப் பாசம் போல இல்லாமலும் நம்மைத் தொடுகிறது.

இனி நாமே ஒன்று செய்து பார்ப்போம். எங்கள் பழவேற்காட்டுப் பக்கம் ஃபைபர் போட்டில் கையடக்க ஜி.பி.எஸ். கருவி வைத்திருப்பார்கள். அதையே கதைசொல்லியாக எடுத்துக்கொள்வோம்.

முதல் படி: அதற்கு என்ன தெரியும் என்று ஒரு பட்டியல் போடுங்கள். சாட்டிலைட்டிலிருந்து வரும் சிக்னலை வைத்து அது இடத்தையும் நேரத்தையும் கணக்கிடும். வேகமும் திசையும் தெரியும். வேகத்தை நாட் கணக்கில் சொல்லும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். நாம் பொத்தானை அழுத்தினால் அந்த இடத்தை ஒரு பாயின்ட்டாக, நம்பர் போட்டு, தேதியோடு சேமிக்கும். அவ்வளவுதான். மீன் தெரியாது, வலை தெரியாது, அழுகை தெரியாது. முகத்துவாரம் மணல் அடைத்துக் கொஞ்சம் தள்ளித் திறந்தாலும், அது பழைய பாயின்ட்டையே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே "ஏரி கடலோடு சேரும் அழகைக் கண்டேன்" என்று இந்தக் கருவி சொன்னால் கதை அங்கேயே செத்தது.

இரண்டாம் படி: மொழி. "நான் போனேன்" என்று சொன்னால் மனிதனா இயந்திரமா என்று அந்த வினைச்சொல்லை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. தன்மையில் உயர்திணை, அஃறிணை வேறுபாடு இல்லையே! எனவே வேறு அடையாளம் வேண்டும். நம் தமிழில் அது கைவசமே இருக்கிறது. வீட்டில் யாரும் எழுத்துத் தமிழில் பேசுவதில்லை. ரயில்வே ஸ்டேஷனில் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று கேட்டவுடன், இது எதிரே நின்று பேசும் ஆள் இல்லை என்று நமக்குத் தெரிந்து விடுகிறது. ஆகவே போட்டில் இருப்பவர்கள் பேச்சுத் தமிழில் பேசட்டும்; கருவி எழுத்துத் தமிழில் சொல்லட்டும். அதோடு, "அவர் அழுத்தினார்" என்று எழுதாமல் "அழுத்தப்பட்டது" என்று எழுதுங்கள். அழுத்தியது யார் என்று கருவிக்குத் தெரியாதே. மற்ற இடத்தில் இப்படி எழுதினால் தமிழ் ஐயா திட்டுவார். இங்கே அதுதான் பொருத்தம்.

மூன்றாம் படி: கருவிக்கு ஒரே ஒரு விதி கொடுங்கள். கதைக்காக நான் கூட்டிக்கொண்ட விதி இது: நினைவகம் நிரம்பினால், ஒரு வருஷத்தில் மிகக் குறைவாகப் பயன்பட்ட பாயின்ட்டை அழிக்கலாமா என்று அது கேட்கும். நிஜக் கருவி இப்படிக் கேட்காது. நிரம்பி விட்டது என்று மட்டும் சொல்லும். இப்போது படியுங்கள்.

"2005 டிசம்பர் 26. புறப்பாடு காலை 8.05. மற்ற நாட்களில் 3.40. முகத்துவாரத்துக்கு வெளியே வேகம் 0.7 நாட். 22 நிமிடம். புதிய பாயின்ட் பதிவு செய்யப்பட்டது: 011. பிறகு கரை.

2006 டிசம்பர் 26. புறப்பாடு 8.10. 011-ஐ நோக்கி. வேகம் 0.6 நாட். 25 நிமிடம். மற்ற நாட்களில் இந்த இடத்தில் வேகம் குறைவதில்லை.

2007 ஆகஸ்ட் 9. நினைவகம் நிரம்பியது. 011 கடந்த 365 நாட்களில் 1 முறை பயன்பட்டது. 011-ஐ அழிக்கலாமா என்று கேட்டேன். 'இல்லை' அழுத்தப்பட்டது. மீண்டும் கேட்டேன். 'இல்லை' அழுத்தப்பட்டது.

2007 டிசம்பர் 26. புறப்பாடு 8.05. 011. வேகம் 0.6 நாட். 31 நிமிடம்.

2008 ஆகஸ்ட் 14. நினைவகம் நிரம்பியது. 011 கடந்த 365 நாட்களில் 1 முறை பயன்பட்டது. 012 கடந்த 365 நாட்களில் 41 முறை பயன்பட்டது. 012-ஐ அழிக்கலாமா என்று கேட்டேன்."

சுனாமி என்ற வார்த்தை இதில் இல்லை. 2004 டிசம்பர் 26 நம் கரையில் யாருக்கும் மறக்காது. வருஷா வருஷம் அன்றைக்குத் தொழிலுக்குப் போகாமல் கடலில் பாலும் பூவும் விடுகிறோம். கருவிக்கு அது தெரியாது. அதற்குத் தெரிந்தது 0.6 நாட் மட்டும். என்ஜினை நிறுத்தி விட்டுப் போட்டை நீரோட்டத்தோடு விட்டிருக்கிறார்கள் என்பதை நாம்தான் புரிந்துகொள்கிறோம். கருவி சொல்வதற்கும் நமக்குத் தெரிந்ததற்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் துக்கம் உட்கார்ந்திருக்கிறது.

கடைசி வரியைப் பாருங்கள். விதிப்படி 011-ஐத்தான் கேட்க வேண்டும். கேட்கவில்லை. "எனக்கும் வருத்தம்" என்று சொல்லவும் இல்லை. விதியை ஒரே ஒரு முறை மீறியது, அவ்வளவே. இது பலிக்க வேண்டுமானால் முன்னால் ஒரு முறையாவது விதி சரியாக நடந்திருக்க வேண்டும். அதனால்தான் 2007 பத்தி. அதை எடுத்து விட்டால் கடைசி வரி வாசகருக்குப் புரியாது. இரண்டு மூன்று இடத்தில் மீறினாலோ கருவி மனிதனாகி விடும்.

எழுதி முடித்த பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் பென்சிலால் கோடு போட்டு, "இது எந்த வழியாக இதற்குத் தெரிந்தது?" என்று கேளுங்கள். பதில் இல்லாத வாக்கியத்தை அடித்து விடுங்கள். பிறகு நம்பர்களைப் பாருங்கள். நம்பர் கூடினால் லாக் புக் ஆகி விடும். மேலே திரும்பத் திரும்ப வருவது நேரம், வேகம், நிமிடம் மூன்றும்தான். அந்த நிமிடம் 22, 25, 31 என்று ஏறுவதை யாராவது கவனித்தால் போதும்.

இந்த முறைக்கு ஒரு எல்லையும் உண்டு. இந்தக் குரலில் நாவல் எழுத முடியாது; இரண்டு மூன்று பக்கத்தில் அலுத்து விடும். நீண்ட கதை வேண்டுமென்றால் கிளாராவைப் போலக் கண்ணும் காதும் உள்ள இயந்திரத்தை எடுக்க வேண்டும். சிறுகதைக்கு நம் லேபில் இருக்கும் மீட்டரே போதும்.

— இரண்டாம் ஆண்டு, எலக்ட்ரானிக்ஸ்