உறைக்குள் எந்த விலையை எழுதுவது?

நானுஓயாத் தோட்டங்களின் தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. 1883இல் தொடங்கிய அந்த ஏலம் 2020 ஏப்ரல் முதல் கணினி வழியாக நடந்தாலும், விலை ஒவ்வொரு படியாக ஏறுவதும் கடைசிப் போட்டியாளர் விலகியதும் நின்றுவிடுவதும் மாறவில்லை. கிலோவுக்கு 1,500 ரூபா வரை கொடுக்கத் தயாராக இருக்கும் ஏற்றுமதியாளர், அடுத்தவர் 1,320இல் விலகினால் 1,320க்குச் சற்று மேலே தேயிலையை எடுத்துக்கொள்கிறார். அவர் கட்டும் பணத்தைத் தீர்மானித்தது இரண்டாவது ஆளின் எல்லைதான்.

பிரதேச சபையின் கடை அறை, வாகனத் தரிப்பிடக் குத்தகை, தோட்டம் கழித்துவிடும் பழைய லொறி போன்றவை பெரும்பாலும் வேறு வழியில் கைமாறுகின்றன. விலையை எழுதி, உறையை ஒட்டி, டெண்டர் பெட்டியில் போட வேண்டும். அடுத்தவர் விலை தெரியாது. திருத்தி எழுதவும் வாய்ப்பில்லை. எழுதிய விலையே கட்டும் விலை. தொழில் தொடங்க நினைக்கும் இளைஞருக்கும், டெண்டரை நடத்தும் சபை அல்லது சங்க அலுவலருக்கும் இந்த இரண்டு விதிகளின் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் உங்கள் எல்லை

நானுஓயா புகையிரத நிலையத்துக்கு அருகில் ஒரு கடை அறை ஒரு வருடக் குத்தகைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் அங்கே சலூன் வைக்க நினைக்கிறார், இன்னொருவர் மரக்கறி சேகரிக்க, நீங்கள் தேநீர்க் கடை போட. மூவருக்கும் அந்த அறையின் பெறுமதி வேறு. சலூன்காரரின் கணக்கைத் தெரிந்துகொண்டாலும் உங்கள் கடையின் வருமானம் மாறப்போவதில்லை. இப்படி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இருப்பதைத் தனிப்பட்ட மதிப்பு என்பார்கள்.

உங்கள் மதிப்பைக் கண்டுபிடிக்க ஒரு வருட வியாபாரத்தைக் காகிதத்தில் எழுதுங்கள். விற்பனையில் இருந்து சரக்கு, மின்சாரம், உதவியாளர் சம்பளம், உங்கள் சொந்தச் சம்பளம் எல்லாவற்றையும் கழியுங்கள். வாடகை கட்டுவதற்கு முன் 440,000 ரூபா மிஞ்சினால் அதுதான் உங்கள் எல்லை. அதற்கு மேல் கட்டுவதைவிடக் கடையை விட்டுவிடுவது மேல்.

அடுத்தது போட்டியாளர்களைப் பற்றிய ஊகம். ஊர் நிலவரத்தை வைத்து, இந்த அறை ஒருவருக்கு 200,000க்குக் குறையாமலும் 500,000க்கு மேற்படாமலும் பெறும் என்று கொள்வோம். இடையில் உள்ள எந்தத் தொகையும் ஒரே அளவு சாத்தியம். ஒருவர் மதிப்புக்கும் மற்றவர் மதிப்புக்கும் தொடர்பில்லை. இதைச் சமவாய்ப்புப் பரவல் என்கிறோம். கணக்கு எளிதாவதற்கு இந்த ஊகம் உதவுகிறது.

எழுதிய விலையைக் கட்டும்போது

440,000 என்றே எழுதினால், வென்றாலும் கையில் எதுவும் மிஞ்சாது. குறைத்து எழுதினால் லாபம் கூடும், ஆனால் வெல்லும் வாய்ப்பு குறையும். இரண்டையும் நிறுத்துப் பார்த்துக் கிடைக்கும் விதி இது: உங்கள் மதிப்புக்கும் அடிமட்டத்துக்கும் உள்ள இடைவெளியை, உங்களையும் சேர்த்துப் போட்டியிடுவோர் எண்ணிக்கையால் வகுத்து, வருவதை உங்கள் மதிப்பிலிருந்து கழியுங்கள்.

மூன்று பேர் போட்டியிட்டால், 440,000க்கும் 200,000க்கும் இடைவெளி 240,000. மூன்றால் வகுத்தால் 80,000. ஆகவே எழுத வேண்டியது 360,000.

இது சரிதானா என்று பார்ப்போம். மற்ற இருவரும் இதே விதிப்படி எழுதுகிறார்கள் என்றால், 440,000க்குக் குறைந்த மதிப்புள்ள ஒருவரை உங்கள் 360,000 வெல்லும். அதற்கான வாய்ப்பு 80 வீதம். இருவரையும் வெல்லும் வாய்ப்பு 64 வீதம். வென்றால் மிஞ்சுவது 80,000. வாய்ப்பையும் லாபத்தையும் பெருக்கினால் சராசரியாக 51,200 ரூபா. பயந்துபோய் 400,000 எழுதினால் கடை நிச்சயம் உங்களுக்குத்தான், ஆனால் லாபம் 40,000தான். ஆசைப்பட்டு 320,000 எழுதினால் வென்றால் 120,000 மிஞ்சும். வெல்லும் வாய்ப்பு 36 வீதம் என்பதால் சராசரி 43,200. இரண்டு பக்கம் நகர்ந்தாலும் நட்டம்.

போட்டியாளர் எண்ணிக்கைதான் இங்கே பெரிய விஷயம். இருவர் மட்டும் என்றால் 320,000 எழுதலாம். ஆறு பேர் என்றால் 400,000க்குப் போக வேண்டும். ஆகவே டெண்டர் போடுவதற்கு முன், விண்ணப்பப் படிவம் எத்தனை பேர் வாங்கினார்கள், இடத்தைப் பார்க்க யார் யார் வந்தார்கள் என்று விசாரியுங்கள்.

இரண்டாவது விலையைக் கட்டும்போது

இன்னொரு விதியில் அதிக விலை எழுதியவரே வெல்கிறார், ஆனால் அவர் கட்டுவது இரண்டாவது உறையில் உள்ள தொகை. இந்த முறையைக் கணித ரீதியாக ஆராய்ந்து 1961இல் வெளியிட்டவர் வில்லியம் விக்ரி; 1996இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே வகுத்தலும் கழித்தலும் வேண்டாம். உங்கள் மதிப்பை, அதாவது 440,000ஐ, அப்படியே எழுதுங்கள். 360,000 என்று குறைத்து எழுதி, மற்றவர் 400,000 எழுதியிருந்தால், 400,000க்குக் கிடைத்திருக்க வேண்டிய கடை போய்விடும். 40,000 லாபம் கைநழுவும். 480,000 என்று கூட்டி எழுதி, மற்றவர் 460,000 எழுதியிருந்தால், கடை கிடைக்கும், ஆனால் 20,000 நட்டத்தோடு. நீங்கள் எழுதும் தொகை வெற்றி தோல்வியை மட்டும் முடிவு செய்கிறது. கட்டும் தொகையை அடுத்தவர் முடிவு செய்கிறார். எத்தனை பேர் வந்தாலும் இந்தப் பதில் மாறாது. கொழும்பு ஏலத்தில் தன் எல்லை வரை நின்று பிறகு விலகும் ஏற்றுமதியாளர் செய்வதும் இதையேதான்.

சபைக்கு எது லாபம்?

முதல் விதியில் அதிக விலையே கிடைப்பதால் அதுதான் லாபம் என்று அலுவலருக்குத் தோன்றும். ஆனால் அந்த விதியில் எல்லோரும் குறைத்து எழுதுகிறார்கள். மூன்று பேரில் உயர்ந்த மதிப்பு சராசரியாக 425,000. அவர் தன் 225,000 இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து 350,000 எழுதுவார். இரண்டாவது விலை விதியில் யாரும் குறைப்பதில்லை. ஆனால் சபைக்கு வருவது இரண்டாவது மதிப்பு. அதன் சராசரியும் 350,000தான். இருவர் வந்தால் இரண்டு விதியிலும் 300,000, ஐவர் வந்தால் இரண்டிலும் 400,000.

ஒன்றாக இருப்பது சராசரி மட்டும்தான். மூன்று பேர் போட்டியில் முதல் விதிப்படி வரும் தொகை 400,000ஐத் தாண்டாது. இரண்டாவது விதியில் 500,000 வரை ஏறலாம், சில வருடங்களில் மிகவும் இறங்கியும் போகலாம். வரவுசெலவுத் திட்டத்துக்கு நிலையான வருமானம் வேண்டும் என்றால் முதல் விதி பொருந்தும். தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் ஆட்கள் கணக்கைவிடக் கூட எழுதும் இடங்களிலும் முதல் விதியே சபைக்குக் கூடுதல் தரும்.

இரண்டாவது விதியின் ஆபத்தை 1990இல் நியூசிலாந்து கண்டது. அலைவரிசைகளைக் குறைந்தபட்ச விலை வைக்காமல் இந்த முறையில் விற்றார்கள். 100,000 டொலர் எழுதிய நிறுவனம் 6 டொலர் கட்டியது. 70 இலட்சம் எழுதியது 5,000 கட்டியது. உறைகளைத் திறந்ததும் இந்த வித்தியாசம் எல்லோர் கண்ணிலும் பட்டது. போட்டி குறைவாக இருந்ததும் அடிவிலை இல்லாததும்தான் காரணம்.

இன்னும் ஒரு உறை

அப்படியானால் அடிவிலையை எங்கே வைப்பது? இந்தப் பரவலில் விதி எளிது: அறையைச் சபையே பயன்படுத்தினால் கிடைக்கும் பெறுமதிக்கும் மிக உயர்ந்த மதிப்புக்கும் நடுவில். சபைக்கு அது 200,000 பெறும் என்றால் அடிவிலை 350,000. மூவருமே அதற்குக் கீழே இருந்து அறை குத்தகைக்குப் போகாமல் இருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அந்த நேரத்தில் சபை தானே பயன்படுத்தும் 200,000ஐயும் சேர்த்தால் சராசரி 350,000இலிருந்து சுமார் 359,000க்கு ஏறும்.

இப்போது அடிவிலையை விட்டுவிட்டு நான்காவது ஆளைக் கொண்டுவந்தால் என்னவாகும்? சராசரி 380,000 ஆகிறது. மிகச் சரியான அடிவிலை கொடுத்த 9,000 எங்கே, ஒரே ஒரு கூடுதல் போட்டியாளர் கொடுத்த 30,000 எங்கே! இது இந்த எண்களின் தற்செயல் அல்ல என்பதை ஜெரமி புலோவும் பால் கிளெம்பரரும் 1996இல் விரிவாக நிறுவினார்கள். விளம்பரம் தமிழிலும் இருக்கட்டும். லயன்களுக்குப் பக்கத்துக் கடைகளிலும் ஒட்டப்படட்டும். படிவம் வாங்க ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டாத நேரத்தில் அலுவலகம் திறந்திருக்கட்டும். தோட்டத்து இளைஞர் ஒருவர் உறை போட வழி செய்வது அவருக்கு வாய்ப்பு; கணக்குப்படி அது சபைக்கும் வருமானம்.

கணக்கு பொய்க்கும் இடங்கள்

தோட்டத்து யூக்கலிப்டஸ் மரங்களை டெண்டரில் எடுக்கும்போது மேலே சொன்ன கணக்கைப் பயன்படுத்தாதீர்கள். மரத்தில் எத்தனை கன அடி தேறும் என்பது எல்லோருக்கும் பொதுவான ஒரே உண்மை. ஆளாளுக்கு மதிப்பீடுதான் வேறு. அங்கே வெல்பவர் பெரும்பாலும் அதிகமாக மதிப்பிட்டுவிட்டவர். மரத்தை அளந்து, உங்கள் மதிப்பீடே கூடிப்போயிருக்கலாம் என்று முதலில் குறைத்து, அதன் பிறகு போட்டிக்காக இன்னொரு முறை குறையுங்கள்.

இரண்டாவது, நேர்மை. எழுதிய விலையைக் கட்டும் டெண்டரில் வென்ற தொகை வருடா வருடம் அடுத்த உறையைவிடச் சில நூறு ரூபாவே கூடுதலாக இருந்தால், விலைகள் முன்கூட்டியே கசிகின்றன என்று சந்தேகிக்கலாம். ஒருவர் விலை மட்டும் உயர்ந்து மற்றவை எல்லாம் அடிவிலையை ஒட்டியே நின்றால் கூட்டுச் சேர்ந்திருக்கலாம். இரண்டாவது விலை முறையில் இன்னொரு ஓட்டை உண்டு: உறைகளைத் திறந்த பிறகு ஒரு போலி உறையை நுழைத்து வென்றவர் கட்டும் தொகையை ஏற்றிவிடலாம். பெட்டி மூடிய உடனேயே எல்லோர் முன்னிலையிலும் திறந்து, தொகைகளை உரத்து வாசித்துக் கையொப்பமிடாத இடத்தில் இரண்டாவது விலை விதியை நம்ப வேண்டாம்.

உறையை ஒட்டும் முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் இருக்கட்டும். கட்ட வேண்டியது என் விலையா, இரண்டாவது விலையா? இந்தப் பொருளின் பெறுமதி எனக்கு மட்டும் உரியதா, எல்லோருக்கும் பொதுவானதா? எத்தனை பேர் போட்டியிடுகிறார்கள்? முதல் கேள்விக்கு நிபந்தனைத் தாளில் தெளிவான பதில் இல்லை என்றால், அலுவலரிடம் எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிய பிறகே தொகையை எழுதுங்கள். 440,000 மதிப்புள்ளவருக்கு, மூவர் போட்டியில், அந்த ஒரு பதில் 80,000 ரூபா வித்தியாசம்.