சிவப்பாகத் தெரிவது வேறு, செம்பெயர்ச்சி வேறு

கேள்வி: சார், தூரத்தில் உள்ள கேலக்ஸிகளின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கிறது, அதனால் பிரபஞ்சம் விரிவடைகிறது என்று படித்தேன். அந்தக் கேலக்ஸியே சிவப்பு நிறமாக இருக்கலாம் அல்லவா? நடுவில் இருக்கும் தூசியால்கூட சிவப்பாகத் தெரியலாம் அல்லவா? எல்லாமே நம்மைவிட்டு விலகிப் போகிறது என்றால், நாம்தான் பிரபஞ்சத்தின் நடுவில் இருக்கிறோமா?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி

பதில்: உன் முதல் சந்தேகத்தை வானியலாளர்களும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. திருவாதிரை நட்சத்திரம் சிவப்பாகத்தான் தெரிகிறது. அதன் மேற்பரப்பு சூரியனைவிடக் குளிர்ச்சியானது என்பதே அதற்குக் காரணம். தூசி நீல ஒளியை அதிகமாகத் தடுப்பதால், தூசிக்குப் பின்னால் இருக்கும் நட்சத்திரமும் சிவந்து தெரியும். நிறத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அதனால் அவர்கள் நிறத்தைப் பார்ப்பதில்லை, கோடுகளைப் பார்க்கிறார்கள்.

தொலைநோக்கியில் விழும் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், அதில் மெல்லிய கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களில் மட்டும் கோடு போடும். ஹைட்ரஜன் என்றால், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 656.3, 486.1, 434.0, 410.2 நானோமீட்டர். உன் பள்ளி ஆய்வகத்தில் ஹைட்ரஜன் குழாயை ஒளிரச் செய்தாலும் இதே எண்கள்தான் வரும். தூசி ஒளியை மங்கச் செய்யும், ஆனால் ஒரு கோட்டைக்கூட அதன் இடத்திலிருந்து நகர்த்தாது. திருவாதிரை எவ்வளவு சிவந்திருந்தாலும் அதன் கோடுகள் ஏறக்குறைய அவற்றுக்குரிய இடத்திலேயே இருக்கின்றன.

1963-இல் மார்ட்டின் ஷ்மிட் என்ற வானியலாளர் கலிஃபோர்னியாவின் பலோமர் தொலைநோக்கியில் எடுத்த ஒரு நிறமாலையை வைத்துத் திண்டாடிக்கொண்டிருந்தார். 3C 273 என்ற அந்தப் பொருள் பார்ப்பதற்குச் சாதாரண நட்சத்திரம் போல இருந்தது. ஆனால் அதன் பிரகாசமான கோடுகள் 563, 503, 475 நானோமீட்டர் அருகே இருந்தன. அந்த எண்கள் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. கோடுகளின் வரிசையில் ஒரு ஒழுங்கு இருப்பதைக் கவனித்தபோதுதான் அவருக்குப் பொறி தட்டியது. நீயே வகுத்துப் பார்: 563-ஐ 486.1-ஆல், 503-ஐ 434.0-ஆல், 475-ஐ 410.2-ஆல். மூன்றுக்கும் விடை ஏறத்தாழ 1.158. அது ஹைட்ரஜனேதான். எல்லா அலைநீளங்களும் ஒரே விகிதத்தில் நீண்டிருந்தன. அப்படியானால் 656.3-இல் இருக்க வேண்டிய கோடு 760-க்கு அருகே, அகச்சிவப்புப் பகுதியில் இருக்க வேண்டும். சக ஆய்வாளர் ஓக் அங்கே ஒரு கோட்டைக் கண்டிருந்தார்.

இந்த விகிதத்தில் ஒன்றுக்கு மேல் உள்ள பகுதியைத்தான் செம்பெயர்ச்சி என்கிறோம். 3C 273-க்கு அது 0.158. அந்தப் பொருள் தொலைநோக்கியில் சற்றே நீலமாகத்தான் தெரிகிறது என்பதையும் குறித்துக்கொள். சிவப்பு நிறமே இல்லாமல் செம்பெயர்ச்சி இருக்க முடியும். புற ஊதாவில் இருந்த ஒளி நீண்டு, நமக்கு நீலமாக வந்து சேருகிறது.

ஆனால் ஒரு பொருளின் செம்பெயர்ச்சியை வைத்துப் பிரபஞ்சம் விரிவடைகிறது என்று சொல்லிவிட முடியாது. அந்த ஒன்று மட்டும் விலகி ஓடிக்கொண்டிருக்கலாம். வெஸ்டோ ஸ்லைஃபர் 1912 முதல் பல கேலக்ஸிகளின் நிறமாலையை எடுத்து, பெரும்பாலானவை விலகுகின்றன என்று கண்டார். அப்போது அவற்றின் தூரம் தெரியாது. தூரத்தை அளக்க வழி காட்டியவர் ஹென்ரியட்டா லெவிட். செஃபீட் எனப்படும் நட்சத்திரங்கள் சீராகப் பிரகாசமடைந்து மங்கும். ஒரு சுற்றுக்கு அதிக நாள் எடுக்கும் செஃபீடுக்கு உண்மையான பிரகாசமும் அதிகம் என்று அவர் கண்டுபிடித்தார். நாட்களை எண்ணினால் உண்மைப் பிரகாசம் தெரியும். நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதோடு ஒப்பிட்டால் தூரம் கிடைத்துவிடும்.

1929-இல் எட்வின் ஹபிள் இரண்டையும் சேர்த்து வரைபடம் போட்டார். இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கும் கேலக்ஸி ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் விலகுவதாகத் தெரிந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லெமெய்த்ர் 1927-லேயே ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து இதே உறவைப் பெற்றிருந்தார்.

உன் மூன்றாவது கேள்விக்கும் இந்த உறவே பதில் சொல்கிறது. நம்மிடமிருந்து ஒரே திசையில் 10, 20, 30 கோடி ஒளியாண்டுகளில் மூன்று கேலக்ஸிகள் இருப்பதாக வைத்துக்கொள். எல்லாத் தூரமும் பத்து சதவீதம் கூடினால் அவை 11, 22, 33 கோடியில் இருக்கும். விலகிய அளவு 1, 2, 3 கோடி. இப்போது இரண்டாவது கேலக்ஸிக்குப் போய் அங்கிருந்து பார். முன்பு அதற்கு இருபுறமும் 10 கோடியில் இருந்தவை இப்போது 11 கோடியில். 20 கோடியில் இருந்த நாம் 22 கோடியில். அங்கே இருப்பவருக்கும் எல்லாமே தன்னைவிட்டு விலகுவதாகவே தெரியும், அதுவும் அதே விகிதத்தில். எங்கிருந்து பார்த்தாலும் இந்தக் காட்சிதான் கிடைக்கும் என்பதால், இதை வைத்து யாரும் தன்னை நடு என்று சொல்லிக்கொள்ள முடியாது. இன்றைய வேகத்தில் தூரங்கள் பத்து சதவீதம் கூட சுமார் 140 கோடி ஆண்டுகள் ஆகும்.

கேலக்ஸிகள் வெளிக்குள்ளே ஓடுகின்றன என்பதைவிட, இடைவெளியே நீள்கிறது என்று சொல்வதுதான் சரி. 3C 273-இன் ஒளி சுமார் 200 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்திருக்கிறது. அதற்குள் பெரிய தூரங்கள் எல்லாம் 1.158 மடங்கு ஆகிவிட்டன. கூடவே ஒளியின் அலைகளும் அதே அளவு நீண்டன.

ஒளி வழியில் களைத்து ஆற்றலை இழந்திருக்கலாமே என்று ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி 1929-லேயே கேட்டார். நியாயமான கேள்வி. அதைத் தீர்த்துவைத்தவை சூப்பர்நோவாக்கள். ஒரு குறிப்பிட்ட வகை சூப்பர்நோவா எங்கே வெடித்தாலும், பிரகாசமடைந்து மங்க ஏறத்தாழ ஒரே காலம்தான் எடுக்கும். ஒளி வெறுமனே களைத்திருந்தால் அந்தக் காலம் மாறக் காரணமே இல்லை. இடைவெளி நீண்டிருந்தால், முதல் நாள் கிளம்பிய ஒளிக்கும் இருபதாம் நாள் கிளம்பிய ஒளிக்கும் இடையே உள்ள தூரமும் நீண்டிருக்கும். செம்பெயர்ச்சி 0.5 என்றால் இருபது நாள் மாற்றம் நமக்கு முப்பது நாளாகத் தெரிய வேண்டும். 1990-களிலிருந்து அளந்தவர்கள் அப்படியே இருப்பதைக் கண்டார்கள்.

தூரத்துக்கேற்ப வேகம் கூடும் என்ற விதி அக்கம்பக்கத்தில் செல்லாது. ஆண்ட்ரோமெடா கேலக்ஸி நொடிக்கு சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது, அதன் கோடுகள் நீலப் பக்கம் நகர்ந்திருக்கின்றன. நம் கேலக்ஸியும் அதுவும் ஈர்ப்பால் பிணைந்தவை. பொதுவாகவே ஒவ்வொரு கேலக்ஸிக்கும் நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் சொந்த ஓட்டம் உண்டு. விரிவால் வரும் வேகமோ 10 கோடி ஒளியாண்டு தூரத்துக்கு சுமார் 2,100 கிலோமீட்டர்தான். அருகில் உள்ளவற்றில் சொந்த ஓட்டம் விரிவை மறைத்துவிடும். ஹபிளின் முதல் வரைபடத்தில் புள்ளிகள் சிதறிக் கிடந்ததற்கு இது ஒரு காரணம். செஃபீடுகளில் இரண்டு வகை உண்டு என்பது அப்போது தெரியாததாலும் வேறு குழப்பங்களாலும் அவர் தூரங்களைக் குறைவாகவும் கணக்கிட்டிருந்தார், விரிவின் வேகம் ஏழு மடங்கு அதிகமாக வந்தது. ஆனால் அவரும் மில்டன் ஹியூமசனும் 1931-இல் நொடிக்கு 20,000 கிலோமீட்டர் வரை விலகும் கேலக்ஸிகளைச் சேர்த்தபோது சொந்த ஓட்டம் அற்பமாகிவிட்டது, கோடு நேராகவே நீண்டது.