பாடம் 9: அக்காவுக்கு அப்பா தெரிந்த பாட்டுகள்

லண்டனில் கோலியர்ஸ் வுட் என்னும் இடத்தில் ஒரு குடும்பம் வசிக்கிறது. அக்காவுக்குச் சனிக்கிழமை பட்டமளிப்பு விழா. அன்று இரவு வீட்டில் விருந்து. விருந்தில் போடப் பாட்டுகளை அப்பா தேடுகிறார். தம்பியும் பக்கத்தில் இருக்கிறான்.

“அப்பா, ‘கண்ணான கண்ணே’ போடுங்கோ. எல்லாருக்கும் பிடிக்கும்!” என்றான் தம்பி.

“நல்ல பாட்டுத்தான். ஆனால் அந்தப் படத்தின்ர கதை என்ன, சொல்லு பார்ப்பம்” என்றார் அப்பா.

அது 2019இல் வந்த ‘விஸ்வாசம்’ படப் பாட்டு. கவிஞர் தாமரை எழுதியது. அந்தக் கதையில் தந்தையும் மகளும் பல வருடம் பிரிந்து இருக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர் தன் அப்பா என்றே மகளுக்குத் தெரியாது. அந்த ஏக்கம்தான் பாட்டில் இருக்கிறது.

“நாங்கள் பிரிஞ்சு இருக்கேல்லையே. அதாலதான் இண்டைக்கு அது வேண்டாம்” என்றார் அப்பா.

அடுத்து ‘ஆனந்த யாழை’ பாட்டைக் கேட்டார்கள். இது 2013இல் வந்த ‘தங்க மீன்கள்’ படப் பாட்டு. நா. முத்துக்குமார் எழுதினார். இதற்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. யாழ் என்பது நரம்புகளை மீட்டி வாசிக்கும் பழைய தமிழ் இசைக்கருவி. சின்ன மகளோடு இருக்கும்போது தந்தையின் மனதில் அப்படி ஓர் இசை எழுகிறதாம். அக்காவின் குழந்தைப் படங்களைக் காட்டும்போது இதைப் போடலாம் என்று அப்பா எழுதி வைத்தார்.

“ஆனால் அக்கா இப்ப சின்னப் பிள்ளை இல்லையே!” என்றான் தம்பி.

“ஓம். அதுக்குத்தான் பாரதியார் பாட்டு இருக்கு.”

பாரதியாருக்கு இரண்டு மகள்கள். ‘சின்னஞ்சிறு கிளியே’ என்ற பாட்டில் அவர் பராசக்தியைத் தன் குழந்தையாக நினைத்துப் பாடுகிறார். குழந்தை ஓடி வருவதும் ஆடுவதும் அதில் வரும். பிறகு ஓர் இடத்தில், ஊர் மக்கள் அவளைப் பாராட்டும்போது தன் உடம்பு சிலிர்க்கிறது என்கிறார். அவள் அழுதால் தன் நெஞ்சு தாங்காது என்றும் சொல்கிறார். இதை ராகமாலிகையாகப் பாடுவார்கள். அதாவது, ஒரே பாட்டில் ராகங்கள் மாறி மாறி வரும். பாசம், பெருமை, கவலை என்று பாட்டின் உணர்வும் மாறும்.

பட்டமளிப்பு விழாவில் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். மண்டபம் முழுதும் கைதட்டும். அப்போது அப்பாவுக்கு வரும் உணர்வு இந்தப் பாட்டில் இருக்கிறது. ஆகவே, அக்கா பட்டத்தோடு வீட்டுக்குள் வரும்போது இதைப் போடுவது என்று முடிவு செய்தார்கள்.

சொற்கள்
ஏக்கம் – கிடைக்காத ஒன்றை நினைத்து வரும் வருத்தம்
மீட்டுதல் – நரம்பை விரலால் தட்டி இசை எழுப்புதல்
சிலிர்த்தல் – மகிழ்ச்சியால் மயிர் எழுந்து நிற்றல்

பயிற்சி
1. ‘கண்ணான கண்ணே’ பாட்டை அப்பா ஏன் வேண்டாம் என்றார்?
2. ராகமாலிகை என்றால் என்ன?
3. “பிரிஞ்சு இருக்கேல்லையே” – இதை எழுத்துத் தமிழில் எழுதுக.
4. உங்கள் வீட்டு விழா ஒன்றுக்குப் பாட்டுத் தெரிவு செய்யுங்கள். அந்தப் பாட்டில் யார், யாரிடம், என்ன சொல்கிறார் என்று மூன்று வரிகளில் எழுதுங்கள்.